ஸ்லைடிலிருந்து முன்வாசிப்புத் தொகுப்பு: டியூட்டி–டெல்டா பாடத்தை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவுக்குப் பாசனப் பொறியியல் நடத்தும் ஆசிரியர்கள், மாணவர்கள் வகுப்புக்கு முன்பே படித்துவிட்டு வரும் தொகுப்பை ஸ்லைடிலிருந்து தயாரிப்பது பற்றிக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே பாடம்தான்: டியூட்டி, டெல்டா, பேஸ் பீரியட். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தின் பாதி வீட்டு வாசலிலேயே ஓடுகிறது என்பதால் இதை எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் 36 ஸ்லைடு ரெடியாக இருக்கிறது. அதையே பி.டி.எஃப். ஆக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா சார்?

போதாது. ஸ்லைடு பேசுபவருக்காக எழுதியது. அதில் பாதி விஷயம் உங்கள் வாயில் இருக்கிறது, திரையில் இல்லை. இந்தப் பாடத்தில் எல்லோரிடமும் இருக்கும் ஸ்லைடு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

```
D : ha/cumec
Δ : m
B : days
Δ = 8.64 B / D
```

வகுப்பில் இதைப் போட்டுவிட்டு நீங்கள் ஐந்து நிமிடம் பேசுவீர்கள். அந்தப் பேச்சு இல்லாமல் இந்த நான்கு வரியைப் படிக்கும் மாணவர் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார், அவ்வளவுதான். ஆகவே முதல் வேலை, பேசும் அந்த ஐந்து நிமிடத்தை எழுத்தில் கொண்டுவருவது. நான் தொகுப்பில் எழுதும் பத்தி இது:

"ஒரு வாய்க்காலில் நொடிக்கு ஒரு கனமீட்டர் வீதம் தண்ணீர் இரவு பகல் நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிருக்கு முதல் தண்ணீர் விட்ட நாளிலிருந்து கடைசித் தண்ணீர் விட்ட நாள் வரை ஓடுகிறது. அத்தனை நாள்தான் பேஸ் பீரியட். அந்த ஓட்டத்தை மட்டும் நம்பி எத்தனை ஹெக்டேர் பயிரை விளைய வைக்க முடியுமோ, அது டியூட்டி. பயிருக்கு அத்தனை நாளும் கொடுத்த தண்ணீர் முழுவதும் எங்கும் போகாமல் வயலிலேயே நின்றிருந்தால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அது டெல்டா."

நான்கு வரி ஸ்லைடு ஒரு பத்தியாகிவிட்டது. 36 ஸ்லைடையும் இப்படி விரித்தால் தொகுப்பு குட்டிப் புத்தகமாகிவிடுமே என்று அடுத்து கேட்பீர்கள். எல்லாவற்றையும் விரிக்கக் கூடாது.

அப்படியானால் எந்த ஸ்லைடை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மனசே வரமாட்டேன் என்கிறது.

ஸ்லைடைப் பார்த்து முடிவு செய்தால் மனசு வராது. வகுப்பில் அந்த 50 நிமிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். அதற்குக் கைகொடுக்கும் ஸ்லைடு உள்ளே வரும், மற்றது தானாக வெளியே போய்விடும்.

டியூட்டி–டெல்டாவுக்கு என் வகுப்பு வேலை இது. ஜூன் 12 வந்தால் குறுவைக்கு மேட்டூரைத் திறப்பார்களா என்று ஊரே பேசும். செய்தித்தாளில் "10,000 கனஅடி திறப்பு" என்று வரும். அந்த எண்ணை வைத்து, வாய்க்கால் தலைப்புக்கு அவ்வளவு தண்ணீரும் வந்து சேர்ந்து பருவம் முழுக்க ஓடினால் எத்தனை ஹெக்டேருக்குப் போதும் என்று மாணவர்கள் கணக்கிட வேண்டும். இதற்கு அவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மூன்று வரையறைகள், 8.64 எங்கிருந்து வருகிறது என்பது, தலைப்பில் அளக்கும் டியூட்டிக்கும் வயலில் அளக்கும் டியூட்டிக்கும் உள்ள வித்தியாசம், கனஅடியைக் கியூமெக்காக மாற்றுவது. இந்த நான்கும்தான் தொகுப்பு.

இந்தியாவின் பயிர்ப் பருவங்கள் பற்றிய ஸ்லைடுகள், பாசன முறைகளின் வகைகள், பல பயிர்களின் டெல்டா அட்டவணை எல்லாம் வெளியே போகும். அட்டவணையில் நெல், கரும்பு என்று இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். டியூட்டியை உயர்த்தும் காரணிகள் என்று ஒரு ஸ்லைடு எல்லோரிடமும் இருக்கும். அதைத் தொகுப்பில் போட வேண்டாம். அதை மாணவர்களே வகுப்பில் சொல்லிவிடுவார்கள். சொல்ல விடுங்கள்.

சூத்திரத்தின் நிரூபணத்தைப் பாதி வரை கொடுக்கிறேன். ஒரு கியூமெக் ஒரு நாளைக்கு 86,400 கனமீட்டர், B நாளைக்கு 86,400 × B கனமீட்டர், D ஹெக்டேர் என்பது 10,000 × D சதுர மீட்டர். இங்கே நிறுத்திவிடுவேன். வகுத்துப் பார்ப்பது அவர்கள் வேலை.

தொகுப்பில் வைக்க வேண்டிய வழிகாட்டும் கேள்வி என்றால் அத்தியாயக் கடைசியில் வரும் பயிற்சிக் கேள்வி மாதிரிதானே?

இல்லை. பயிற்சிக் கேள்வி படித்து முடித்தவரைச் சோதிக்கிறது. வழிகாட்டும் கேள்வி படித்துக்கொண்டிருப்பவரை ஓர் இடத்தில் நிறுத்துகிறது. அதனால் அது இருக்க வேண்டிய இடம் கடைசிப் பக்கம் அல்ல, அந்தந்தப் பகுதிக்கு முன்னாலும் நடுவிலும். "டியூட்டியை வரையறுக்க" என்று கேட்டால் மாணவர் அந்த வரியைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டு மூடிவிடுவார். கேள்விக்கு விடையிருக்கும் வரியை மட்டும் மேய்ந்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒரே வரியில் விடை கிடைக்காத கேள்வியாக இருக்க வேண்டும்.

இந்தத் தொகுப்பில் நான் வைக்கும் கேள்விகள் ஐந்து.

முதல் கேள்வி நிரூபணம் நின்ற இடத்தில் வருகிறது: "8.64 என்ற எண் எந்த இரண்டு எண்களிலிருந்து பிறந்தது? அலகுகளோடு எழுதிக் காட்டுங்கள்." அலகுகளோடு என்று சொல்லாவிட்டால் 86,400-ஐ 10,000-ஆல் வகுத்தேன் என்று மட்டும் வரும். மீட்டர் எப்படி மிஞ்சியது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டாவதுதான் இந்தத் தொகுப்பின் உயிர். "இரண்டு நெல் ரகங்கள். இரண்டுக்கும் டெல்டா 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் பேஸ் பீரியட் 120 நாள், மற்றதற்கு 150 நாள். எதற்கு டியூட்டி அதிகம்? கணக்குப் போடாமல் முதலில் ஊகித்து, காரணத்தையும் எழுதுங்கள். அப்புறம் கணக்குப் போடுங்கள்."

பெரும்பாலோர் 120 நாள் ரகத்துக்கு என்றுதான் எழுதுவார்கள். சம்பா நாள் அதிகம், தண்ணீர் அதிகம் குடிக்கும், அதனால் குறைந்த நிலத்துக்குத்தான் வரும் என்பது அவர்கள் வயலில் பார்த்த உண்மை. கணக்கோ நேர்மாறாக வருகிறது. 8.64 × 120 ÷ 1.2 = 864 ஹெக்டேர், 8.64 × 150 ÷ 1.2 = 1,080 ஹெக்டேர். அதே அளவு தண்ணீரை அதிக நாளில் கொடுத்தால் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது குறைவு, அதனால் அதே ஓட்டம் கூடுதல் நிலத்துக்கு எட்டும். அவர்கள் ஊகித்ததும் பிழையல்ல என்பதைக் காட்ட வகுப்பில் ஒரு படி மேலே போவேன்: நீண்ட பயிருக்கு டெல்டாவும் 1.5 மீட்டராக உயர்ந்தால் என்ன ஆகும்? 8.64 × 150 ÷ 1.5, மறுபடி 864. டெல்டா அதற்கும் மேலே போனால் டியூட்டி 864-க்கும் கீழே இறங்கும், அவர்கள் ஊகித்தபடியே. வயல் அறிவும் சூத்திரமும் எங்கே பிரிந்தன, எங்கே சேர்ந்தன என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது: "வாய்க்கால் தலைப்பில் அளந்த டியூட்டி பெரிதா, கடைமடை வயலின் மடையில் அளந்தது பெரிதா? ஏன்?" கடைமடை என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. வழியில் கசிந்தும் ஆவியாகியும் போன தண்ணீரைத் தலைப்பில் அளந்த அந்த ஒரு கியூமெக் சுமக்கிறது, மடையில் அளந்த ஒரு கியூமெக் சுமக்கவில்லை. எனவே மடையில் அளந்த டியூட்டியே பெரிது.

நான்காவது வீட்டில் கேட்டு எழுத வேண்டியது: உங்கள் வயலிலோ பக்கத்து வயலிலோ என்ன ரகம் போட்டார்கள், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தண்ணீரை நிறுத்தினார்கள்? ஆடுதுறை 43 என்றால் சுமார் 110 நாள், சி.ஆர். 1009 என்றால் 155 நாளுக்குக் குறையாது என்று தாத்தாவே சொல்லிவிடுவார். பயிரின் வயதும் பேஸ் பீரியடும் ஒன்றல்ல, கடைசித் தண்ணீரோடு பேஸ் பீரியட் முடிந்துவிடுகிறது என்பது இந்தப் பேச்சில் தானாகப் புரியும்.

ஐந்தாவது, "எந்த வரி புரியவில்லை? அந்த வரியை அப்படியே எழுதுங்கள்." எதுவும் புரியாதது இல்லை என்று எழுத இடம் தர வேண்டாம். குறைந்தது ஒரு வரி கட்டாயம்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்? எங்கள் பிள்ளைகள் பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்.

கேள்விகளுக்குப் பதில் எழுதுவதையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நடைமுறையில் அது ஆயிரம் சொல்லுக்குள் உரை, இரண்டு படம், ஐந்து கேள்வி. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. சுமாராகப் படிக்கும் மாணவர் ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திரும்பிப் போய்ப் படிக்கிறார் என்று பாருங்கள், அந்தப் பத்தியைத் திருத்துங்கள்.

தொகுப்பு வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும். முந்தின நாள் இரவு போட்டால் பஸ்ஸில் படித்தவர்தான் படித்தவர். நான்காவது கேள்விக்கு வீட்டில் ஆள் இருக்கும் நேரமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அந்த மாதங்களில் தேதி போடாமல் "அடுத்து நடக்கும் பாசனப் பாடவேளைக்கு" என்று எழுதிவிடுவது நல்லது.

பாடம் இங்கிலீஷில், தேர்வும் இங்கிலீஷில். தொகுப்பை எந்த மொழியில் எழுதுவது?

விளக்கம் தமிழில், கலைச்சொல் தேர்வில் வருகிறபடி. டியூட்டி, டெல்டா, பேஸ் பீரியட், கியூமெக் என்றே எழுதி, முதல் முறை வரும் இடத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள். பாசனத் திறன், நீர் ஆழம் என்று புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் மாணவர் ஒன்றுக்கு இரண்டாகச் சுமக்க வேண்டியிருக்கும். தொகுப்பின் கடைசியில் வரையறைகளைத் தேர்வில் எழுதும் வடிவில் ஆங்கிலத்தில் மூன்று வரி கொடுத்துவிட்டால் பெற்றோரும் துறைத் தலைவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஸ்லைடிலிருந்து எழுத்தை எடுக்கும்போது பாதி வரவே இல்லை. தமிழ் எழுத்து கன்னாபின்னாவென்று வருகிறது. என்ன செய்வது?

இரண்டும் வெவ்வேறு கோளாறு. பவர்பாயின்டில் `View → Outline View` போய் நகல் எடுத்தால், தலைப்புப் பெட்டியிலும் உள்ளடக்கப் பெட்டியிலும் தட்டியது மட்டும்தான் வரும். தனியாக டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியது அதில் தெரியாது. சூத்திரங்களையும் படங்களின் மேல் எழுதிய குறிப்புகளையும் பெரும்பாலும் நாம் டெக்ஸ்ட் பாக்ஸில்தான் போட்டிருப்போம், அதனால்தான் பாதி காணவில்லை. ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் பகுதியில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதைத் தவறவிடாதீர்கள், நீங்கள் பேசும் வாக்கியம் அங்கேதான் இருக்கும்.

தமிழ் கெடுவது எழுத்துருவால். பழைய ஸ்லைடுகள் யூனிகோடு இல்லாத எழுத்துருவில் தட்டப்பட்டவை. வேறு கணினிக்கோ செல்போனுக்கோ போனால் ஆங்கில எழுத்துக்களாக உடைந்து நிற்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள், பிறகு வரி வரியாகச் சரிபாருங்கள். பத்துப் பதினைந்து வரிதான் என்றால் புதிதாகத் தட்டிவிடுவதே சீக்கிரம்.

அனிமேஷன் உள்ள ஸ்லைடில் இன்னொரு தொல்லை. கிளிக் செய்யச் செய்ய ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி வைத்திருந்தால் பி.டி.எஃப்.பில் எல்லாம் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். தலைப்பிலிருந்து கிளை வாய்க்கால், கண்ணி வாய்க்கால், மடை என்று தண்ணீர் குறைந்துகொண்டே போகும் படம் அப்படித்தான் இருக்கும். அதை ஒரே படமாகப் புதிதாக வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு மிச்சம் என்று எண் போட்டுவிடுங்கள்.

பக்க அளவு A5, எழுத்து 14 புள்ளி, ஒரே பத்தி வரிசை. செல்போனில் விரலால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் எண்கள் மங்கிவிடும். போன் இல்லாதவருக்கும் வீட்டில் ஒரே போன் இருப்பவருக்கும் கொஞ்சம் பிரதி ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். யாருக்குத் தேவை என்று வகுப்பில் கைதூக்கச் சொல்லாமல், ஆய்வகத்தில் மேசை மேல் வைத்துவிட்டால் போதும்.

ஒருவர் எழுதியதை எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்களே?

ஊகிக்கும் கேள்வியும் வீட்டில் கேட்கும் கேள்வியும் ஓரளவு இதைத் தடுக்கும். அதோடு கணக்கில் எண்ணை மாற்றிவிடுங்கள். நான் செய்வது: பேஸ் பீரியட் = 110 + (பதிவு எண்ணின் கடைசி இலக்கம் × 5), டெல்டா 1.2 மீட்டர். கடைசி இலக்கம் 0 என்றால் 110 நாள், 9 என்றால் 155 நாள். குறுவையிலிருந்து சம்பா வரை முழு வீச்சும் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. திருத்துவதும் சுலபம், நாட்களை 7.2-ஆல் பெருக்கினால் விடை. ஆரம்பம் 792, முடிவு 1,116. வகுப்பில் எல்லோர் விடையையும் கரும்பலகையில் வரைபடமாகக் குறித்தால், நாள் கூடக் கூட டியூட்டி ஏறும் நேர்க்கோடு அவர்கள் எண்களாலேயே வந்து நிற்கும். அதிலிருந்து விலகி நிற்கும் புள்ளி யாருடையது என்று பேர் சொல்லாமல், என்ன பிழை நடந்திருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் சென்டிமீட்டரை அப்படியே போட்டிருப்பார்கள், விடை நூறில் ஒரு பங்காக இருக்கும்.

படிக்காமல் வருகிறவர்களை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது? கடைசியில் மறுபடி நானே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு முறை தொகுப்பை முழுக்கத் திருப்பிச் சொல்லிவிட்டால், படித்து வந்தவர்கள் அடுத்த முறை படிக்க மாட்டார்கள். வந்தால் சார் எப்படியும் சொல்லுவார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

படிக்காதவர்கள் முதல் பத்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து தொகுப்பைப் படிக்கட்டும், திட்ட வேண்டாம். அந்த நேரத்தில் மற்றவர்களோடு ஐந்தாவது கேள்வியின் விடைகளைப் பேசுங்கள். காலையிலேயே அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டிவிட்டால் எந்த வரியில் கூட்டமாகச் சிக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த ஒன்றிரண்டு வரியை மட்டும் விளக்குங்கள். அடுத்த பத்து நிமிடம் இரண்டாவது கேள்வி: 120-க்குக் கை, 150-க்குக் கை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி கை. மிச்ச நேரம் மேட்டூர்க் கணக்கு.

கணக்கு இப்படிப் போகும். 35.31 கனஅடி ஒரு கனமீட்டர் என்பதால் நொடிக்கு 10,000 கனஅடி என்பது சுமார் 283 கியூமெக். வயல் டியூட்டி 864 என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 2.45 லட்சம் ஹெக்டேர். ஒரு குழு இதோடு நிறுத்திவிடும். இன்னொரு குழு மூன்றாவது கேள்வியை நினைவில் வைத்திருக்கும்: தலைப்பில் அளந்த தண்ணீருக்கு வயல் டியூட்டியை எப்படிப் போடலாம்? வழியில் 25 சதவீதம் இழப்பு என்று கொள்ளச் சொல்லுங்கள். 864 × 0.75 = 648. இப்போது 283 × 648, சுமார் 1.83 லட்சம் ஹெக்டேர். இரண்டுக்கும் இடையே அறுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் காணாமல் போகிறது. அது எந்த ஊர் வயல்கள் என்று கேட்டால், கடைமடைப் பக்கத்துப் பிள்ளைகள் பேசாமல் இருக்க மாட்டார்கள். ஆற்றில் மேட்டூரிலிருந்து கல்லணை வரை குறைவது, மழை, போர் தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள்.

எல்லாப் பாடத்தையும் இப்படிச் செய்ய முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. படித்துவிட்டு வந்து வகுப்பில் செய்து பார்க்க ஒரு கணக்கோ வாதமோ இருக்கும் பாடத்துக்குத்தான் இது பொருந்தும். மதகு, அணைக்கட்டு ஆகியவற்றின் பாகங்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யும் பாடத்துக்கு, கல்லணைக்கே கூட்டிப்போய்க் காட்டுவது மேல். ஒரு பருவத்தில் மூன்று நான்கு பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரு முறை செய்த தொகுப்பை அடுத்த ஆண்டும் அப்படியே கொடுக்கலாமா?

ஐந்தாவது கேள்வியின் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பலர் ஒரே வரியை எழுதியிருந்தால் அது மாணவர் குறையல்ல, அந்த வரியின் குறை. டியூட்டி–டெல்டாவில் பெரும்பாலும் சிக்குவது "இரவு பகல் நிற்காமல் ஓடுகிறது" என்பதுதான். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தானே விடுகிறார்கள் என்று எழுதுவார்கள். அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் சேருங்கள்: "முறை வைத்து விட்டாலும், மொத்தத் தண்ணீரை எல்லா நாளுக்கும் சமமாகப் பரப்பிய சராசரி ஓட்டத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்." அப்புறம் கணக்கில் உள்ள 10,000 கனஅடியை எடுத்துவிட்டு, அந்த ஆண்டு செய்தித்தாளில் வந்த எண்ணைப் போட்டு, விடைகளை நீங்கள் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.